மழை நாளில் ‘நாளைக்கு வருவார்’ என்று சொல்லலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கோ-ஆர்டினேட்டராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி கம்ப்ளைண்ட் பார்க்கிறோம். போன வாரம் மழையில் டெக்னீஷியன்கள் போக முடியவில்லை. ஒரே நாளில் இருபது பேரிடம் ‘நாளைக்கு வருவாங்க’ என்று சொல்லி, மறுநாள் எல்லாரிடமும் திட்டு வாங்கினேன். பதறாமல் எப்படித் தள்ளிவைப்பது? புதுத் தேதி எப்படிக் கொடுப்பது?

பதில்:

மழை பெய்வது வாடிக்கையாளருக்கும் தெரியும். அவர் வீட்டு வாசலில்தான் தண்ணீர் நிற்கிறது. முதல் நாள் நீங்கள் கூப்பிட்டுச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் ‘சரி, பரவாயில்லை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். திட்டு விழுந்தது அந்த ‘நாளைக்கு’ என்ற ஒரு வார்த்தைக்கு. அதை நம்பி ஒருவர் ஆபீசுக்கு லீவு போட்டிருப்பார், இன்னொருவர் ஊறவைத்த துணியை அப்படியே விட்டிருப்பார்.

நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னவன்தான். 2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. மத்தியானம் வரை போன் போட்டு எல்லாரையும் புதன்கிழமைக்கு மாற்றினேன். அன்று ராத்திரி அடையாறு பொங்கியது. புதன்கிழமை எங்கள் சென்டரே திறக்கவில்லை, போனும் செத்துப்போனது. அந்த வார முடிவில் ஒரு பெரியவர் லைனில் கிடைத்தார். ‘புதன்கிழமை வருவீங்கன்னுதான் தம்பி ஃபிரிட்ஜை மாடிக்கு ஏத்தாம விட்டேன்’ என்றார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். அது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் பேச்சுத் திறமையைப் பிறகு பார்க்கலாம். ‘எந்தத் தேதியைச் சொன்னால் நம்மால் நிஜமாகவே போக முடியும்’ என்பதற்கு உங்கள் கையில் விடை இருந்தால் குரல் தானாகவே நிதானமாகிவிடும். பதற்றம் வருவதே கையில் கணக்கு இல்லாதபோதுதான்.

முதலில் தெருவைப் பாருங்கள். ‘மழை நின்றதும் வருவோம்’ என்பது நம் ஊரில் பல இடங்களுக்குப் பொருந்தாது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கத்துத் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும். வெளியேறும் வாய் குறுகல், உள்ளே வரும் தண்ணீர் அதிகம். மழை நின்று வெயில் அடித்த பிறகும் அங்கே முட்டியளவு தண்ணீர் நிற்கும், சில சமயம் மழை விட்ட பிறகு மட்டம் ஏறவும் செய்யும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றை நம்பி இருக்கிறது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால், அங்கே மழையே இல்லாத நேரத்திலும் தெருவுக்குள் ஆறு வரும். மாறாக, தி.நகர் துரைசாமி சப்வே மாதிரி இடங்களில் பம்ப் போட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டால் வழி திறந்துவிடும். இந்த இரண்டு வகைக்கும் ஒரே தேதியைக் கொடுப்பதில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பிக்கிறது.

ஒரு நோட்டில் உங்கள் ஏரியாத் தெருக்களை மூன்றாகப் பிரித்து எழுதிவையுங்கள்: சில மணி நேரத்தில் வடிவது, ஒரு நாள் எடுப்பது, மூன்று நாளாவது ஆகும் என்பது. கூகுள் மேப் இதைச் சொல்லாது. டெக்னீஷியன்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு ஒவ்வொரு தெருவும் அத்துப்படி. அபார்ட்மெண்ட் வாசல் செக்யூரிட்டியின் நம்பர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. ‘அண்ணே, கேட் பக்கம் தண்ணி எவ்வளவு நிக்குது?’ என்று கேட்டால் பத்து செகண்டில் பதில் வரும். எங்கள் அளவுகோல் சைலன்சர்தான். பைக் சைலன்சர் மூழ்கும் அளவு தண்ணீர் என்றால் போகக் கூடாது. அதற்குக் கீழே என்றால் பள்ளம், திறந்த மேன்ஹோல் இல்லாத தெருவாக இருந்தால் போகலாம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பல சென்டர்களில் டெக்னீஷியனுக்கு, ஒரு வீட்டு விசிட் ஒரு கால் என்று, முடித்த கால் கணக்கில்தான் காசு. கால் முடியாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் ‘நான் போயிட்டு வந்துடறேன் சார்’ என்று அவரே சொல்வார். அவர் தைரியத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். முதுகில் டூல் பேக், கையில் டிரில், ஈரத் தரையில் நின்று மெஷினைத் திறக்கும் வேலை. போக வேண்டாம் என்ற முடிவைச் சென்டர்தான் எடுக்க வேண்டும். வாடிக்கையாளரிடமும் ‘டெக்னீஷியன் வர மாட்டேங்கிறார்’ என்று சொல்லாமல் ‘நாங்கள் அனுப்பவில்லை’ என்றே சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாலு நாள் கழித்து அந்தப் பையன் வாசலில் நிற்கும்போது ‘நீதானேப்பா வரமாட்டேன்னது’ என்று அவருக்கு விழும்.

அப்புறம், எப்போது தள்ளிவைப்பது என்ற கேள்வி. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் பொதுவாக 12 முதல் 20 செ.மீ. வரை, அதாவது மிக கனமழை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். சிவப்பு என்றால் அதற்கும் மேல். சிவப்பைப் பார்த்ததும் முந்தின சாயங்காலமே எல்லாவற்றையும் ரத்து செய்யக் கை பரபரக்கும். 2024 அக்டோபர் 16 நினைவிருக்கிறதா? சிவப்பு எச்சரிக்கை வந்து, மக்கள் முந்தின நாளே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். ஆனால் பயந்த அளவு மழை அன்றைக்குச் சென்னையில் பெய்யவில்லை. அப்படி ஒரு நாளை மொத்தமாக ரத்து செய்தால் ஒரு முழு நாளின் வேலை வீண், அந்தச் சுமை மறுநாள் தலையில் விழும்.

அதனால் நான் இரண்டு படியாகச் செய்வேன். முந்தின சாயங்காலம் 6 மணிக்கு ஒரு செய்தி மட்டும்: ‘புதன் 16-ந்தேதி விசிட் இப்போதைக்கு அப்படியே இருக்கிறது. மழையைப் பார்த்துக் காலை 8 மணிக்குள் உறுதி செய்கிறோம். வேறு நாள் வேண்டுமானால் இப்போதே சொல்லலாம்.’ இதற்கே சில பேர் அவர்களாகவே ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். காலை 7 மணிக்குத் தெரு நிலவரம் கேட்டு 8 மணிக்குள் முடிவைச் சொல்லிவிட வேண்டும். அந்த 8 மணியை மட்டும் தவறவிடாதீர்கள். நீங்கள் முதலில் கூப்பிட்டால் அது தகவல். 11 மணிக்கு அவர் கூப்பிட்ட பிறகு நீங்கள் சொன்னால் அது சாக்கு.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு நாளை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

ஐந்து டெக்னீஷியன், சாதாரண நாளில் ஆளுக்கு 6 கால், ஆக 30. செவ்வாய்க்கிழமை 28 கால் புக் ஆகியிருக்கிறது. காலை 7 மணிக்குப் பார்த்தால் 10 வீடு போகக்கூடிய தெரு, 11 வீடு போகவே முடியாது, 7 வீடு சந்தேகம். அந்த ஏழு பேரையும் கூப்பிட்டுக் கேட்டதில் 3 போகலாம், 4 முடியாது. ஆக, போகக்கூடியது 13. ஆனால் டெக்னீஷியன்களில் ஒருவர் வீடு முடிச்சூர், ஒருவர் பெரும்பாக்கம். அவர்களே வெளியே வர முடியாது. மீதி மூன்று பேர், மழைப் போக்குவரத்தில் ஆளுக்கு 4 கால்தான் முடியும், 12. பதின்மூன்றில் ஒன்று ஏசி சர்வீஸ், அவரும் அடுத்த வாரம் போதும் என்றுவிட்டார். மிச்சம், தள்ளிவைக்க வேண்டியது 15 வீடு.

உங்கள் கை இப்போது ‘புதன்கிழமை’ என்று எழுதப் போகும். புதன்கிழமையைத் திறந்து பாருங்கள். அங்கே ஏற்கனவே 26 கால் இருக்கிறது. தண்ணீர் இன்னும் நிற்கும், நாலு பேர்தான் வருவார்கள், ஆளுக்கு 4, மொத்தம் 16. அதாவது செவ்வாய்க்கிழமைக்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்காமலே 10 கால் நிரம்பி வழிகிறது. அந்த 26-இல் எவை அவசரமில்லாதவை என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஏசி ஜெனரல் சர்வீஸ்தான் நம் சேமிப்பு. டிசம்பரில் ஏசி இல்லாமல் யாரும் தவிக்க மாட்டார்கள், கேட்டால் உடனே ஒத்துக்கொள்வார்கள். அப்படி 11 ஏசியை அடுத்த வாரத்துக்கு மாற்றினால் புதனில் 15 கால், ஒரே ஒரு இடம் காலி.

வியாழன் ஐந்து பேரும் வந்துவிடுவார்கள், ஆளுக்கு 5 என்று வைத்தால் 25. அதில் 14 ஏற்கனவே புக், 11 காலி. ஆனால் பதினொன்றையும் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் வடிந்த மறுநாள்தான் புதுக் கம்ப்ளைண்ட் குவியும். தண்ணீரில் நின்ற ஃபிரிட்ஜ், மோட்டாரில் சேறு போன வாஷிங் மெஷின் எல்லாம் அப்போதுதான் வரும். அதற்கு 5 இடத்தை ஒதுக்கினால் பழைய ஆட்களுக்கு 6. வெள்ளி 25-இல் 9 புக், 16 காலி, 6 ஒதுக்கினால் 10. ஆக புதன் 1, வியாழன் 6, வெள்ளி 10, மொத்தம் 17 இடம். தேவை 15. இரண்டு கையில் நிற்கிறது, அது எப்படியும் செலவாகிவிடும்.

இந்தக் கணக்கைப் போட அரை மணி நேரம் ஆகும். போடாமல் பேசியிருந்தால் பதினைந்து பேருக்கும் ‘புதன்’ என்று சொல்லியிருப்பீர்கள், அதில் பதினாலு பேருக்கு அது பொய்.

அந்த ஒரே ஒரு புதன்கிழமை இடம் யாருக்கு? அதிகம் கத்தியவருக்குக் கொடுத்தால், அடுத்த மழையில் எல்லாரும் கத்துவார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: ‘ஃபிரிட்ஜில் இன்சுலின் மாதிரி மருந்து ஏதாவது வைத்திருக்கிறீர்களா?’ ஆமாம் என்று வரும் வீடு, போகக்கூடிய தெருவிலும் இருந்தால், அவருக்குத்தான் முதல் இடம். தெரு மூழ்கியிருந்தால், பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலோ மருந்துக் கடையிலோ இப்போதைக்கு வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஐஸ் பெட்டியில் போடுவதானால் இன்சுலின் ஐஸில் நேராகப் படக் கூடாது, உறைந்துபோனால் வீணாகிவிடும். மருந்து விஷயத்தில் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மற்றதை அவர் டாக்டரிடம் கேட்கட்டும்.

மீதிப் பேருக்கு வியாழன், வெள்ளி. ஒரே நாளில் வடியும் தெருக்காரருக்கு வியாழன், பள்ளிக்கரணைப் பக்கத்துக்கு வெள்ளி என்று முதலிலேயே பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் இரண்டே இரண்டு ஸ்லாட் சொல்லுங்கள். ‘உங்களுக்கு எப்ப சௌகரியம்?’ என்று திறந்து விட்டால் ‘இப்பவே’ என்றுதான் பதில் வரும். ஐந்து ஸ்லாட் சொன்னால் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்பார், அந்த இடம் தொங்கும். மழை வாரத்தில் 10-லிருந்து 12 என்று இரண்டு மணி நேர ஸ்லாட்டும் வேண்டாம். காலை 10 முதல் 1, மத்தியானம் 2 முதல் 5 என்று அகலமாக வையுங்கள். சப்வே மூடினால் டெக்னீஷியன் சுற்றிக்கொண்டு வருவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

செய்தியில் எதை எழுதுவது? எங்கள் சென்டரில் முன்பு போய்க்கொண்டிருந்த எஸ்எம்எஸ் இது: ‘தவிர்க்க இயலாத காரணங்களால் தங்கள் விசிட் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. விரைவில் தொடர்புகொள்வோம்.’ இதைப் படித்தவர் உடனே போன் எடுப்பார், ஏனென்றால் அவருக்கு வேண்டிய ஒன்றுகூட இதில் இல்லை. இதற்குப் பதிலாக நான் எழுதுவது இப்படி:

‘வணக்கம். உங்கள் வாஷிங் மெஷின் புகாருக்காக இன்று (செவ்வாய், 3-ந்தேதி) டெக்னீஷியன் வருவதாக இருந்தது. உங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதால் இன்று அனுப்பவில்லை. புகார் அப்படியே திறந்திருக்கிறது, புதிதாகப் பதிய வேண்டாம். வெள்ளி 6-ந்தேதி காலை 10–1 அல்லது மத்தியானம் 2–5, எது வேண்டும் என்று ‘காலை’ அல்லது ‘மதியம்’ என ஒரு வார்த்தை அனுப்புங்கள். வியாழன் மாலை 6 மணிக்குள் மறுபடி உறுதி செய்வோம். மெஷின் ஈரப்பட்டிருந்தால் ஸ்விட்ச் போட வேண்டாம்.’

இதில் சில விஷயங்களை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். ‘நாளை’, ‘நாளை மறுநாள்’ என்று எங்கேயும் இல்லை, கிழமையும் தேதியும் சேர்ந்தே வருகிறது. கரண்ட் போய் டவர் படுத்துவிட்டால் செய்தி நடு ராத்திரிக்கு மேல்தான் போய்ச் சேரும், அப்போது ‘நாளை’ என்பது வேறு நாளாகிவிடும். இதில் நான் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். டெக்னீஷியன் ஒரு நாள் முன்னாலேயே போய் நின்றார், வீடு பூட்டியிருந்தது. ‘புதிதாகப் பதிய வேண்டாம்’ என்பதும் முக்கியம். பதறிப்போனவர்கள் கஸ்டமர் கேரில் இன்னொரு புகார் போடுவார்கள், ஒரே வீட்டுக்கு இரண்டு ஆள் ஒதுக்கி ஒரு ஸ்லாட்டை வீணடிப்போம்.

ஒரு வார்த்தைப் பதில் கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வாட்ஸ்ஆப் பிசினஸ் வழியாக அனுப்பும் சென்டராக இருந்தால், வாடிக்கையாளர் கடைசியாக அனுப்பிய செய்தியிலிருந்து 24 மணி நேரம்தான் நாம் நினைத்ததை எழுதி அனுப்ப முடியும். அதற்கு மேல் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்தான் போகும். அவர் ‘காலை’ என்று ஒரு வார்த்தை அனுப்பினால் அந்தக் கதவு திறந்துவிடும். எஸ்எம்எஸ்ஸுக்கும் டெம்ப்ளேட்டைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே மழைச் செய்திகளை செப்டம்பரிலேயே எழுதி ஒப்புதல் வாங்கி வைத்துவிடச் சொல்லுங்கள். வெள்ளம் வந்த அன்றைக்கு உட்கார்ந்து டெம்ப்ளேட் போட்டால் அது வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். எஸ்எம்எஸ்ஸில் தமிழ் என்றால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான், நீளமானால் இரண்டு மூன்று செய்தியாகக் கணக்காகும். அதனால் எஸ்எம்எஸ்ஸில் தேதியும் ஸ்லாட்டும் மட்டும் போட்டு, மற்றதைப் போனில் சொல்லுங்கள். வயதானவர்கள், ஏற்கனவே ஒரு முறை தள்ளிவைக்கப்பட்டவர்கள், இவர்களுக்குச் செய்தி போதாது. கூப்பிடத்தான் வேண்டும்.

அப்படி ஒரு போன். 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகான வாரம். வேளச்சேரியில் ஓர் அம்மா, வாஷிங் மெஷின், மூன்றாவது முறை தள்ளிப்போகிறது.

‘என்ன தம்பி, இன்னிக்கும் இல்லையா? மூணாவது தடவை. உள்ள துணி நாறுது.’

‘ஆமாம்மா, மூணாவது தடவை. ரெண்டு தடவையும் நாங்கதான் மாத்தினோம்.’

‘மழை நின்னு ரெண்டு நாள் ஆச்சு. காய்கறி வண்டியே வருது, உங்காளு வர முடியாதா?’

‘வண்டி எதுவரைக்கும் வருதும்மா? உங்க வாசல் வரைக்குமா, மெயின் ரோடு வரைக்குமா?’

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ‘மெயின் ரோட்லதான் நிக்குது. எம் பையன் போய் வாங்கிட்டு வரான்.’

‘உங்க தெருவுல முட்டிக்குத் தண்ணியாம்மா?’

‘முட்டிக்குக் கீழ.’

‘அப்ப வெள்ளிக்கிழமை காலைல பத்துல இருந்து ஒண்ணு, இல்ல சனிக்கிழமை அதே நேரம். எது எழுதிக்கட்டும்? வெள்ளிக்கிழமையும் தண்ணி வடியலைன்னா, சனிக்கிழமை முதல் கால் உங்களுதுதான். வரிசையில பின்னால போக மாட்டீங்க.’

‘வெள்ளிக்கிழமையே போடு. துணிய என்ன பண்றது?’

‘மெஷின் தண்ணியில நின்னுச்சாம்மா?’

அவருக்கு மெஷின் நனையவில்லை. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல் மூடியைத் திறந்து துணியை எடுத்துவிடச் சொன்னேன். டாப் லோடு என்பதால் அது எளிது. ஃபிரண்ட் லோடாக இருந்து உள்ளே தண்ணீர் நின்றால் கதவைத் திறக்கச் சொல்லக் கூடாது, வீடெல்லாம் தண்ணீராகிவிடும். பல மாடல்களில் கீழே ஃபில்டர் மூடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ட்யூப் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் வழியாகத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கதவு.

அந்தப் பேச்சில் நான் மன்னிப்பே கேட்கவில்லை, கவனித்தீர்களா? ‘நாங்கதான் மாத்தினோம்’ என்று ஒத்துக்கொண்டதோடு சரி. நாலு தடவை ‘சாரிம்மா’ சொன்னால் அவர் கோபத்துக்கு அது எண்ணெய். ‘என்னம்மா பண்றது, மழை பெய்யுது’ என்பது அதைவிட மோசம், கையை விரிக்கிற பேச்சு. அவர் தண்ணீர் இல்லை என்று வாதாடும்போது எதிர்வாதம் செய்யாமல், வண்டி எதுவரை வருகிறது என்று கேட்டால் அவரே நிலவரத்தைச் சொல்லிவிடுவார். அப்புறம் அந்த ‘வரிசையில பின்னால போக மாட்டீங்க’. தள்ளிப்போவதை விட, நம்மை மறந்துவிட்டார்களோ என்பதுதான் அவர்களுக்குப் பெரிய பயம். அதைச் சொன்னால் சனிக்கிழமை முதல் கால் நிஜமாகவே அவர்களுடையதாக இருக்க வேண்டும், உடனே ஷீட்டில் எழுதிவிடுங்கள். நான் அன்று சனிக்கிழமை காலையில் இரண்டு இடத்தைக் காலியாகவே விட்டிருந்தேன்.

‘மெஷின் தண்ணியில நின்னுச்சா?’ என்ற கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் மற்றதெல்லாம் பிறகு. தள்ளிவைக்கும் போனில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி இது ஒன்றுதான். மூன்று நாள் காத்திருக்கும் வாடிக்கையாளர் மூன்றாம் நாள் ‘காய்ஞ்சிருக்கும்’ என்று ஸ்விட்ச் போட்டுப் பார்ப்பார். ஃபிரிட்ஜில் கம்ப்ரெசர், ரிலே எல்லாம் பின்பக்கம் அடியில்தான் இருக்கிறது. வாஷிங் மெஷினுக்கு மோட்டார், டிரெயின் பம்ப் அடியில். வெளியே தகடு காய்ந்தாலும் உள்ளே கனெக்டரில் சேறும் ஈரமும் இருக்கும். பாடிக்குக் கரண்ட் வரலாம், இல்லாவிட்டால் போர்டு எரியும். ‘டெக்னீஷியன் திறந்து பார்க்கும் வரை ஸ்விட்ச் போடாதீங்க, போட்டா சின்ன வேலை பெரிய வேலையாயிடும்’ என்று சொல்லுங்கள். ஷாக் அடிக்கும் என்பதை விடச் செலவு கூடும் என்பதுதான் பலருக்கு உறைக்கிறது.

வீட்டுக்குள் இப்போதும் தண்ணீர் நின்றால் பிளக்கைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். காய்ந்த இடத்தில் நின்று எட்டக்கூடிய மெயின் ஸ்விட்ச் என்றால் அதை அணைக்கலாம். மெயினுக்கே தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐக் கொடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தெருவில் கரண்டை நிறுத்திவிட்டார்கள் என்று நம்பி இருப்பார்கள், ஆனால் இன்வெர்ட்டர் அந்த வீட்டு லைனுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். தெருத் தண்ணீரைப் பற்றிப் புலம்பினால் மாநகராட்சியின் 1913-ஐச் சொல்லலாம்.

நனைந்த மெஷினுக்கு ஸ்லாட் கொடுக்கும்போது அதை இரண்டு காலாக எண்ணுங்கள். பின் தகட்டைக் கழற்றி, சேற்றைத் துடைத்து, காயவைத்து, மோட்டார் வைண்டிங்கிலிருந்து பாடிக்குக் கரண்ட் லீக் இருக்கிறதா என்று மெகர் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் பவர் கொடுக்க முடியும். ரிலே மாற்ற வேண்டி வரும். போர்டு போயிருந்தால் பார்ட்ஸ் வர வேண்டும், குடோனிலிருந்து வண்டியும் இதே தண்ணீரில்தான் வருகிறது. அதனால் நனைந்த மெஷின்காரரிடம் ‘வெள்ளிக்கிழமை வந்து சரி செய்வார்’ என்று சொல்லாமல் ‘வெள்ளிக்கிழமை வந்து திறந்து பார்ப்பார்’ என்று சொல்லுங்கள். வெள்ளி சாயங்காலம் வரப்போகும் ஒரு சண்டை அதிலேயே குறைந்துவிடும்.

சொன்னபடி வியாழன் 6 மணிக்குக் கூப்பிட்டீர்களா? அதுதான் பலரும் விடுகிற இடம். தண்ணீர் இன்னும் வடியவில்லை, சொல்ல நல்ல சேதி இல்லை என்று நினைத்து விட்டுவிடுவோம். நல்ல சேதி இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள். ‘இன்னும் போக முடியல, சனிக்கிழமை காலை முதல் கால் உங்களுது’ என்று ஒரு நிமிஷம். நான் ஒரு தடவை அந்த போனைத் தவிர்ப்பதற்காக, ‘டெக்னீஷியன் கிளம்பிட்டார், வந்துட்டிருக்கார்’ என்று சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர் டெக்னீஷியனின் நம்பரை முன்பே வாங்கி வைத்திருந்தார். நேராக அவருக்கே போட்டார். பையன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக, உங்கள் கம்ப்யூட்டர் விஷயம். கம்பெனி போர்ட்டலில் தேதியை மாற்றினால் காரணம் கேட்கும். நேரத்துக்குள் முடிக்காத ஒவ்வொரு காலும் சென்டருக்குக் கெட்ட பெயர் என்பதால், ‘வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால்’ அல்லது ‘வீட்டில் ஆள் இல்லை’ என்பதைத் தட்டச் சொல்வார்கள். தட்டினால் கடிகாரம் நிற்கும், அதே நொடியில் அவருக்கு ‘உங்கள் வேண்டுகோளின்படி விசிட் மாற்றப்பட்டது’ என்று ஒரு எஸ்எம்எஸ்ஸும் போகும். முட்டியளவு தண்ணீரில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பத்து நிமிஷம் நிதானமாகப் பேசிச் சமாதானம் செய்ததெல்லாம் போயிற்று. மழை என்று தனிக் காரணம் போர்ட்டலில் இருந்தால் அதைத் தட்டுங்கள். இல்லாவிட்டால் ஏரியா மேனேஜருக்கு அன்றைக்கே ஒரு மெயில் போட்டு, இந்த 15 கால் வெள்ளத்தால் தள்ளிப்போனவை என்று எண்களோடு எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் அவர் வந்து கேட்கும்போது கையில் அது இருக்கட்டும்.